செங்கல் சுவரில் கண்டியூட் பைப்: சேடில் இடைவெளியும் பிளக்கும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூசிய செங்கல் சுவரின் மேல், வெளியே தெரியும்படி 25 மி.மீ. பிவிசி பைப் ஓட்டுவதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பாக்ஸுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரே நேர்கோட்டில் போகும் பைப் அது. உள்ளே மின் வயர் ஓடும் இந்தப் பைப்தான் கண்டியூட். அதைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது சேடில், ஸ்க்ரூ இறுகுவதற்காக ஓட்டைக்குள் வைக்கும் நைலான் துண்டு பிளக். மற்ற சுவர்களைப் பற்றித் தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

எவ்வளவு தூரத்துக்கு ஒரு சேடில் அடிக்க வேண்டும்?

20, 25 மி.மீ. பிவிசி பைப்புக்கு 60 செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புப் பைப் வளையாது என்பதால் 1 மீட்டர் வரை விடலாம். மின் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் இதைவிடத் தாராளமாகவே அனுமதிப்பார்கள். ஆனாலும் பிவிசி விஷயத்தில் 60-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் என் பழக்கம். பைப் தொய்வது எடையால் மட்டும் இல்லை. வயர் இழுக்கும்போது வரும் இழுப்பும், சூடேறி நீளும்போது வரும் நெளிவும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

இந்த 60 என்பது மேல் எல்லைதான், அதை அப்படியே அளந்து அடிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலரும் ஒரு முனையிலிருந்து 60, 60 என்று அடித்துக்கொண்டே போவார்கள். கடைசியில் 17 செ.மீ. துண்டு மிஞ்சி, அங்கே இரண்டு சேடில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

என் சுவரில் நீளம் 60-ஆல் சரியாக வகுபடவில்லை. எப்படிப் பிரிப்பது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்ஸின் விளிம்பிலிருந்து அடுத்த பாக்ஸின் விளிம்பு வரை 410 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு முனைகளையும் தனியாக முடிவு செய்ய வேண்டும். பாக்ஸிலிருந்து 20 செ.மீ.யில் ஒரு சேடில் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வயர் இழுக்கும்போது வரும் அசைவு நேராகப் பாக்ஸின் வாயில்தான் விழும். இரண்டு பக்கமும் 20 செ.மீ. கழித்தால் மிச்சம் 370. அதை 60-ஆல் வகுத்தால் 6.17 வருகிறது. இதை எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும், அதனால் 7 இடைவெளிகள். 370-ஐ 7-ஆல் வகுத்தால் ஒவ்வொரு இடைவெளியும் ஏறக்குறைய 52.9 செ.மீ. 7 இடைவெளிக்கு 8 சேடில் வேண்டும். கடையில் ஒன்று குறைவாக வாங்கி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பாக்ஸ் விளிம்பிலிருந்து குறிகள் விழும் இடங்கள், முழு சென்டிமீட்டராக்கினால்: 20, 73, 126, 179, 231, 284, 337, 390.

6 இடைவெளியோடு நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். அப்போது 61.7 செ.மீ. வரும். பைப் உடனே விழுந்துவிடப் போவதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு சேடில் மிச்சம் பிடிப்பதற்காக எல்லையைத் தாண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பைப் 3 மீட்டர்தான் வருகிறது. கப்ளர் சேடிலுக்கு அடியில் விழுந்தால்?

ஓட்டை போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளர் பைப்பைவிடத் தடிமன் என்பதால் சேடில் அதன் மேல் உட்காராது. கப்ளருக்கு இருபுறமும் 30 செ.மீ.க்குள் சேடில் இருப்பதும் நல்லது. கப்ளர் பலவீனமான இடம், அது இடைவெளியில் தனியாகத் தொங்கக் கூடாது.

மேலே சொன்ன சுவரில் முழு 3 மீட்டர் பைப்பை அப்படியே வைத்தால், ஒரு சென்டிமீட்டர் பாக்ஸுக்குள் போய்விடுவதால் கப்ளர் 299 செ.மீ. பக்கத்தில் விழும். இடது பக்கம் 284-ல் உள்ள சேடில் 15 செ.மீ. தள்ளி இருக்கிறது, அது சரி. வலது பக்கச் சேடிலோ 337-ல் இருக்கிறது, 38 செ.மீ. தூரம். அது கூடுதல்.

இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூடுதலாக ஒரு சேடில் அடித்துவிடலாம் என்பதுதான். அடித்தால் வரிசையின் சீர் கெட்டுவிடும். சேடிலை விட்டுவிட்டுப் பைப்பை நகர்த்துங்கள். 231-க்கும் 284-க்கும் நடுவே, அதாவது 257.5-ல் கப்ளரின் மையம் வருமாறு முதல் பைப்பை வெட்டினால் இரண்டு பக்கமும் 26.5 செ.மீ. கிடைக்கும். பாக்ஸுக்குள் நுழையும் ஒரு சென்டிமீட்டரையும் சேர்த்தால் முதல் துண்டு ஏறக்குறைய 258.5 செ.மீ. மிச்ச தூரத்துக்கு இரண்டாவது பைப்பிலிருந்து 153.5 செ.மீ. போதும். எப்படியும் இரண்டு பைப் வாங்கத்தான் போகிறீர்கள், அதனால் இந்த வெட்டில் நஷ்டம் எதுவும் இல்லை.

குறி போடும்போது ஒவ்வொன்றாக அளந்து போகலாமா?

வேண்டாம். டேப்பை ஒரு முனையில் மாட்டிவிட்டு எல்லாக் குறிகளையும் அதே பூஜ்யத்திலிருந்தே போடுங்கள். முந்தைய குறியிலிருந்து அடுத்த குறியை அளந்தால், பென்சில் கோட்டின் தடிமனும் டேப் பிடிக்கும் கையின் பிசகும் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு குறிக்கு 2 மி.மீ. பிசகினால் ஏழாவது இடைவெளி முடியும்போது ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். கடைசி இடைவெளி மட்டும் ஒட்டாமல் நிற்கும்.

கணக்கே பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. தையல் கடையில் கிடைக்கும் அகலமான எலாஸ்டிக் நாடாவில் இழுக்காமல் சம தூரத்தில் எட்டுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கோட்டை முதல் சேடில் குறியில் பிடித்து, எட்டாவது கோடு கடைசிக் குறிக்கு வரும்வரை இழுங்கள். நடுவில் உள்ள கோடுகள் தாமாகவே சமமாகப் பிரிந்து நிற்கும். நாடா முழுவதும் ஒரே தரமாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும்.

கூரை மட்டமாக இல்லை. ரசமட்டத்தைப் பார்ப்பதா, கூரையைப் பார்ப்பதா?

பைப் கூரைக்கு அல்லது பீமுக்கு ஒட்டினாற்போல், ஒரு சாண் தூரத்துக்குள் போகிறது என்றால் கூரைக்கு இணையாக விடுங்கள். அவ்வளவு பக்கத்தில் கண் பைப்பையும் கூரையையும் சேர்த்தே பார்க்கும். மட்டம் சரியாக இருந்தாலும் பைப் கோணலாகத்தான் தெரியும். அதற்குக் கீழே போகும் பைப்புக்கு ரசமட்டமோ தண்ணீர்க் குழாய் மட்டமோ வைத்துக் கோடு போடுங்கள். 4 மீட்டருக்குச் சின்ன ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திக் கோடு இழுக்க வேண்டாம். இரண்டு முனையை மட்டும் மட்டம் பார்த்து, நடுவே சாக் தடவிய நூலைச் சுண்டினால் போதும்.

சுவருக்குள் பழைய வயர் இருந்தால்?

டிரில் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது. ஒரு ஸ்விட்சுக்கோ பிளக் பாயிண்டுக்கோ நேர் மேலும் நேர் கீழும் உள்ள பகுதியை, அதே உயரத்தில் பக்கவாட்டில் உள்ள பகுதியையும், வயர் இருக்கும் இடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் இதே கணக்குதான். டிடெக்டர் இருந்தால் ஓட்டிப் பாருங்கள். ஆனால் அது ஒன்றும் காட்டவில்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள், அல்லது பேட்டரி டிரில் பயன்படுத்துங்கள். பாக்ஸுக்குள் வயர் இணைப்பதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் பைப் பொருத்துவதோடு நிற்கிறது.

ஓட்டை எவ்வளவு ஆழம்? எந்த பிளக், எந்த ஸ்க்ரூ?

6 மி.மீ. நைலான் பிளக், 6 மி.மீ. மேசனரி பிட், 4 மி.மீ. ஸ்க்ரூ. இதில் குழப்பம் இல்லை. ஆழத்தில்தான் தவறு நடக்கிறது.

பிளக் செங்கல்லுக்குள் விரிய வேண்டும். பூச்சுக்குள் விரிந்தால் பூச்சு வெடிக்கும், இல்லாவிட்டால் சில மாதங்களில் தளர்ந்துவிடும். பூச்சு 15 மி.மீ. தடிமன், பிளக் 30 மி.மீ. நீளம் என்று வையுங்கள். பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தினால் பாதிதான் செங்கல்லில் இருக்கும். அதனால் ஸ்க்ரூவை இரண்டு சுற்று பிளக்கில் மாட்டி, சுத்தியால் மெதுவாகத் தட்டி, பிளக்கின் தலை பூச்சைத் தாண்டி உள்ளே போகும்படி இறக்குங்கள். அப்போது ஸ்க்ரூவின் நீளம்: சேடில் அடித்தகடு 3, பூச்சு 15, பிளக் 30, மொத்தம் 48. கடையில் 50 மி.மீ. ஸ்க்ரூ வாங்கினால் பொருந்தும். ஓட்டையின் ஆழம் பூச்சும் பிளக்கும் சேர்ந்த 45-உடன் இன்னும் 10, ஆக 55 மி.மீ. அந்தப் 10 மி.மீ. ஓட்டையின் அடியில் தங்கும் தூசிக்கும், பிளக்கின் முனையைத் தாண்டி வரும் ஸ்க்ரூ நுனிக்கும். பிட்டில் 55-ல் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு என்று நினைத்தால் 50 மி.மீ. நீளமுள்ள பிளக்கே வாங்கிவிடலாம். அது பூச்சையும் தாண்டிச் செங்கல்லிலும் போதுமான அளவு பிடிக்கும். அதற்கு ஓட்டையையும் ஸ்க்ரூவையும் அதற்கேற்ப நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

குறியில் ஆணியால் சின்னக் குழி போட்டு, முதல் சில மில்லிமீட்டரை ஹேமர் இல்லாமல் மெதுவாக ஓட்டுங்கள். பூச்சில் பிட் வழுக்குவது அந்த முதல் நொடியில்தான். ஓட்டை முடிந்ததும் தூசியை ஊதுகுழலாலோ சின்ன பம்பாலோ வெளியேற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சில ஓட்டைகளில் பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் ஓட்டை செங்கல்லில் விழாமல் சாந்து இணைப்பில் விழுந்திருக்கும். ஓட்டையிலிருந்து வரும் தூசியைப் பாருங்கள். முதலில் பூச்சின் சாம்பல் நிறம், பிறகு செங்கல்லின் சிவப்பு என்று வர வேண்டும். கடைசிவரை சாம்பல் நிறமாகவே வந்து, பிட்டும் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அது சாந்துதான்.

கிடைமட்டப் பைப்பில் இது பெரிய தொல்லை. செங்கல் வரிசைகளுக்கு இடையே உள்ள சாந்தும் கிடைமட்டமாகத்தான் ஓடுகிறது. உங்கள் கோடு அதன் மேல் விழுந்துவிட்டால் ஒரு சேடிலோடு போகாது, எட்டுச் சேடிலும் சாந்தில்தான் உட்காரும். பூசிய சுவரில் இது வெளியே தெரியாது. அதனால் பாக்ஸைப் பொருத்துவதற்கு முன்பே, பாக்ஸ் மறைக்கப்போகும் இடத்தில், கோட்டின் மேலேயே ஒரு சோதனை ஓட்டை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். சிவப்பு வந்தால் தொடரலாம். வராவிட்டால் முழுக் கோட்டையும் 3 அல்லது 4 செ.மீ. மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், செங்கல்லின் நடுப்பகுதி கிடைத்துவிடும். சோதனை ஓட்டை பாக்ஸுக்குப் பின்னால் மறைந்துபோகும்.

ஒரே ஒரு ஓட்டை மட்டும் செங்குத்தான சாந்து இணைப்பில் விழுந்தால் அந்தச் சேடிலை 3 செ.மீ. பக்கவாட்டில் தள்ளுங்கள். 53 செ.மீ. இடைவெளியில் 3 செ.மீ. மாற்றத்தைக் கண் கண்டுபிடிப்பது கடினம்.

சாந்து இல்லாமலும் பிளக் சுற்றலாம். பிட் ஆடி ஓட்டை பெரிதாகியிருக்கலாம், தூசி உள்ளே இருந்திருக்கலாம், செங்கல் சரியாகச் சுடப்படாமல் பொடியாக இருக்கலாம். அப்போது அதே ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி, 8 மி.மீ. பிளக்கும் 5 மி.மீ. ஸ்க்ரூவும் போடுங்கள். ஆனால் சேடிலின் துளை 5 மி.மீ. ஸ்க்ரூவை விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தீக்குச்சி திணிப்பதைப் பலர் செய்கிறார்கள். மரக்குச்சி காய்ந்து சுருங்கும்போது பிடியும் போய்விடும்.

பிடித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்க்ரூ கடைசி சுற்றுகளில் படிப்படியாக இறுக வேண்டும், சட்டென்று லேசாகிவிடக் கூடாது. பிறகு சேடிலின் அடித்தகட்டை இரண்டு விரலால் பிடித்துச் சுவரிலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். ஆடினால் அதை இப்போதே சரிசெய்யுங்கள். ஓட்டையைச் சுற்றிப் பூச்சில் முடி போன்ற விரிசல் ஓடினால் பிளக் பூச்சுக்குள் விரிகிறது என்று அர்த்தம்.

ஹாலோ பிளாக் சுவருக்கும் இதே பிளக் போதுமா?

போதாது. உள்ளே வெற்றிடம் இருக்கும், பிளக்கின் நுனி காற்றில் தொங்கும். வெற்றிடத்துக்கென்றே செய்த, பின்புறம் முடிச்சாகவோ இறக்கையாகவோ விரியும் பிளக் வாங்குங்கள். டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும் ஓட்டுங்கள். ஹேமர் போட்டால் பிளாக்கின் மெல்லிய சுவர் உள்பக்கமாகச் சிதறி, ஓட்டை பின்னால் புனல் போல் அகன்றுவிடும்.

எந்த சேடில் நல்லது?

அடித்தகடும் மேல்பட்டையும் தனித்தனியாக வரும் ஸ்பேசர் சேடில். பைப் சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், பூச்சின் மேடுபள்ளம் பைப்பில் தெரியாது, ஈரமும் தங்காது. அடித்தகட்டுக்கு நடுவில் ஒரே ஸ்க்ரூ என்பதால் உங்கள் சாக் கோடுதான் பைப்பின் மையக்கோடு. இரண்டு காதுள்ள சாதாரணச் சேடிலில் ஸ்க்ரூ பைப்புக்கு மேலும் கீழும் வரும், அதனால் ஓட்டைகள் இரண்டு மடங்கு. ஒற்றைக் காது சேடிலில் ஓட்டை மையத்திலிருந்து விலகியிருக்கும், கோட்டையும் அந்த அளவுக்கு நகர்த்திப் போட வேண்டும்.

எந்த வரிசையில் பொருத்துவது?

இரண்டு முனைச் சேடிலின் அடித்தகடுகளை முதலில் மாட்டுங்கள். அவற்றின் நடுவே நூல் இழுத்துக் கட்டி, மற்ற ஆறையும் நூலுக்குச் சரிபார்த்துப் பொருத்துங்கள். சுவரில் பள்ளம் இருந்தால் அங்கே நூலுக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியும், ஒரு வாஷர் வைத்து உயர்த்துங்கள். எல்லாத் தகடும் சரியான பிறகு பைப்பை வைத்து மேல்பட்டைகளை நடுவிலிருந்து முனைகளை நோக்கி மாட்டுங்கள். ஒரு சேடிலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எங்காவது ஒரு இடத்தில் சிறு பிசகு வந்தால் பைப் மொத்தமும் அதைப் பின்தொடரும்.

வெயில் படும் சுவரில் பைப் பாம்பு போல நெளிகிறது. இடைவெளி அதிகமா?

இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இறுக்கத்தை. பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். நம்முடைய 4.1 மீட்டர் பைப் 30 டிகிரி சூடேறினால் 8.6 மி.மீ. நீளும். சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் இரண்டு முனையையும் பாக்ஸில் பசை போட்டு ஒட்டிவிட்டால் அந்த 8.6 மி.மீ.க்குப் போக இடமில்லை. ஏழு இடைவெளிகளிலும் பகிர்ந்துகொண்டால்கூட ஒவ்வொரு இடைவெளியும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை பக்கவாட்டில் பிதுங்கலாம்.

இந்த நெளிவைச் சேடிலைக் கூட்டி அடக்க முயல வேண்டாம். நீளுவதற்கு வழி விட்டால் போதும். கப்ளர் வரும் இடத்தில் சாதாரணக் கப்ளருக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் கப்ளர் போட்டு, ஒரு பக்கத்தை மட்டும் பசையிட்டு மற்ற பக்கத்தை நகரும்படி விடுங்கள். குளிர்ந்த நேரத்தில் பொருத்தினால் உள்ளே 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். உச்சி வெயிலில் பொருத்தினால் பைப் ஏற்கெனவே நீண்டிருக்கும், குளிரும்போது கழன்றுவிடாமல் இன்னும் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். இரண்டுக்கும் முதல் துண்டை அதற்கேற்ப வெட்ட வேண்டியிருக்கும். மேல்பட்டையின் ஸ்க்ரூவை, கையால் தள்ளினால் பைப் நீளவாக்கில் நகரும் அளவுக்கே இறுக்குங்கள். பட்டை பைப்பைக் கவ்வி ஓவலாக்கும் அளவுக்கு இறுக்கினால் வயரும் சிரமப்பட்டுத்தான் நுழையும்.

வீட்டுக்குள் சூடு அவ்வளவு மாறாது. அங்கே பட்டையை அளவாக இறுக்கினாலே போதும்.

வளைவுக்குப் பக்கத்தில் சேடில் எங்கே?

வளைவு தொடங்கும் இடத்திலிருந்து 15 செ.மீ.க்குள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வளைவின் மேலேயே அடிக்காதீர்கள். இடைவெளிக் கணக்கை வளைவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள், மூலையைச் சுற்றி ஒரே கணக்காக இழுக்க வேண்டாம்.

பக்கத்திலேயே இன்னொரு பைப் பின்னால் வரலாம். இப்போதே எதாவது செய்ய வேண்டுமா?

இப்போது போட்ட குறிகளின் அளவைப் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டாவது பைப்பின் சேடில்கள் முதல் பைப்பின் சேடிலுக்கு நேர் கீழேயே வர வேண்டும், அதற்கு இதே எண்கள்தான் வேண்டும். பைப்களுக்கு இடையே குறைந்தது ஒரு சேடிலின் அகலம் விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூ டிரைவர் நேராக உள்ளே போகாது.